வழக்குப் போட்டால்தான் ஓசோன் பிழைக்குமா?

ஓசோன் உடன்படிக்கையை மீறும் நாட்டை யாரும் உலக நீதிமன்றத்துக்கு இழுப்பதில்லை, ஆகவே அது வெறும் காகிதம் என்ற பேச்சு, கெப்பாலா பத்தாஸ் ஏர்கோன் பட்டறைகள் வரை பரவியிருக்கிறது. இது தவறு. எத்தனை முறை திருத்தினாலும் திரும்பத் திரும்ப வரும் தவறு.

வழக்குக்கு வழி இருக்கிறது. 1985ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 11ஆம் பிரிவு நடுவர் மன்றத்தையும் அனைத்துலக நீதிமன்றத்தையும் குறிப்பிடுகிறது. ஆனால் எந்த நாடும் அதை நாடியதில்லை. வழக்குக்குப் பாதிக்கப்பட்டவர் ஒருவர் வேண்டும். 2003இல் ஜொகூர் நீரிணையில் சிங்கப்பூர் கடலைத் தூர்த்தபோது மலேசியா வழக்குத் தொடுத்தது. இழப்பு யாருடையது என்பது அங்கே தெளிவு. ஓசோன் படலம் மெலிந்தால் இழப்பு எல்லாருக்கும்தான். தன் சொந்த இழப்பு இவ்வளவு என்று காட்ட எந்த நாட்டாலும் முடியாது. தீர்ப்பு வந்தாலும் அது ஆலையை மாற்றப் பணம் தராது.

அதனால்தான் மொன்றியல் நெறிமுறை வேறு வழியை அமைத்தது. 1990இல் தற்காலிகமாகவும் 1992இல் நிரந்தரமாகவும் ஏற்கப்பட்ட அந்த நடைமுறையில், பத்து நாடுகள் கொண்ட செயலாக்கக் குழு விசாரிக்கிறது. இன்னொரு நாடு புகார் தரலாம்; செயலகம் சுட்டிக்காட்டலாம்; தவறிய நாடே முன்வந்து சொல்லலாம். குழு பரிந்துரைக்கும், உறுப்பு நாடுகளின் கூட்டம் முடிவெடுக்கும்.

ரஷ்யாவைப் பாருங்கள். சோவியத் ஒன்றியம் சிதறிய பின், 1996 கெடுவுக்குள் சிஎஃப்சி உற்பத்தியை நிறுத்த முடியாது என்று 1995 மே மாதத்தில் அதுவே அறிவித்தது. குழு அந்த அறிவிப்பையே வழக்காக எடுத்துக்கொண்டு தரவு கேட்டது, காலவரையறை கேட்டது. அவ்வாண்டு டிசம்பரில் வியன்னாவில் எடுத்த முடிவு உதவியையும் கண்காணிப்பையும் பிணைத்தது. ஏற்றுமதிக்கும் கட்டுப்பாடு விதித்தது. ரஷ்யா எதிர்த்தது. முடிவு மாறவில்லை. உலகச் சுற்றுச்சூழல் வசதி நிதியும் நன்கொடை நாடுகளின் பணமும் வந்தன. 2000 டிசம்பரில் சிஎஃப்சி ஆலைகள் மூடப்பட்டன. ஒரு தீர்ப்பால் இது நடந்திருக்காது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் ரஷ்ய சிஎஃப்சி அமெரிக்காவுக்குக் கடத்தப்பட்டதும் உண்மை.

தண்டனையே இல்லை என்பதும் பொய். எச்சரிக்கையும், உடன்படிக்கைச் சலுகைகளை நிறுத்திவைப்பதும் பட்டியலில் உள்ளன. வளரும் நாடுகளுக்கு விலக்கு என்பதும் பொய்: சிஎஃப்சியை நிறுத்த மலேசியாவுக்குக் கிடைத்தது 2010 வரை கூடுதல் காலம் மட்டுமே.

உண்மையான பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. குழுவின் விசாரணை, நாடுகள் ஆண்டுதோறும் தாமே அனுப்பும் கணக்கில் நிற்கிறது. சிஎஃப்சி-11 வெளியேற்றம் மறுபடி கூடியது 2018இல் தெரியவந்தது அந்தக் கணக்கிலிருந்து அல்ல, காற்றை அளந்த நிலையங்களிலிருந்து. பின்னர் அளவீடுகள் கிழக்குச் சீனாவைக் காட்டின. கிளந்தான் பாச்சோக்கில் மலாயாப் பல்கலைக்கழகம் நடத்தும் கடற்கரை நிலையத்தில் இத்தகைய வாயுக்கள் ஆய்வுக்காக அளக்கப்பட்டுள்ளன. அங்கே அளவீடு இடைவிடாமல் நடக்க அரசு நிதி ஒதுக்க வேண்டும். நீதிமன்றம் கேட்டுக் குரல் எழுப்புவோர் இதைக் கேட்கட்டும்.