முதலில் காசு கட்டு, பிறகு வேலை: பேனா பேக்கிங் விளம்பரத்தைப் பிரித்துப் பார்ப்போம்

இந்த மாதப் பாடத்துக்கு ஒரே ஒரு விளம்பரத்தை எடுத்துக்கொள்கிறேன். உங்களில் பலர் முகநூலில் இதைப் பார்த்திருப்பீர்கள். மலாயில் "கெர்ஜா பேக்கிங் டாரி ரூமா" என்று பெரிய எழுத்து. ஒரு மேசை நிறைய நீலப் பேனாக்கள். வீட்டிலேயே இருந்து பேனாவைப் பிளாஸ்டிக் உறையில் போடும் வேலை. 500 பேனா ஒரு பெட்டி, பெட்டிக்கு 150 வெள்ளி கூலி. பொருளை அவர்களே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்து, அவர்களே வந்து எடுத்துக்கொள்வார்கள். வயது 17க்கு மேல் இருந்தால் போதும், அனுபவம் தேவையில்லை. கீழே ஒரு புலன எண்.

எங்கள் கிளையில் எஸ்.பி.எம். முடித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த ஒரு தங்கை இதற்கு எழுதிப் போட்டாள். அவள் அனுமதியோடுதான் அந்த உரையாடலை நம் வகுப்பில் வரிவரியாகப் படித்தோம். பெயர் வேண்டாம் என்றாள், சரி.

பதில் இரண்டே நிமிடத்தில் வந்தது. "ஹாய் டியர்" என்று ஆரம்பித்து, நிறுவனத்தின் எஸ்.எஸ்.எம். சான்றிதழ் படம், கிடங்கின் படம், சம்பளம் வாங்கியதாகச் சிலர் காட்டும் ரசீதுகள் என்று வரிசையாக வந்தன. பிறகு படிவம்: பெயர், முகவரி, அடையாள அட்டையின் முன்பக்கமும் பின்பக்கமும், பேங்க் கணக்கு எண். அதற்கும் பிறகுதான் விஷயம். "யுரான் பெண்டாஃப்தாரான்", அதாவது பதிவுக் கட்டணம், 39 வெள்ளி. முதல் சம்பளத்தோடு திருப்பித் தரப்படும். இன்று மாலை 5 மணிக்குள் கட்டினால்தான் நாளைய லோரியில் பெட்டி ஏறும். இன்னும் 3 இடம்தான் பாக்கி.

அவள் கட்டினாள். மறுநாள் லோரி வரவில்லை, செய்திதான் வந்தது. பொருளுக்கு முன்வைப்புத் தொகை 120 வெள்ளி, திருப்பித் தருவோம். அதையும் கட்டினாள். மூன்றாவதாக, "உங்கள் வட்டாரத்துக்கு டெலிவரி இன்சூரன்ஸ் இல்லை, 250 வெள்ளி" என்றார்கள். அம்மாவிடம் கடன் வாங்கிக் கட்டினாள். மொத்தம் 409 வெள்ளி. நான்காவது தடவை கேட்டபோது இல்லை என்றாள். அத்தோடு அந்த எண் அவளைத் தடுத்துவிட்டது. ஒரு பேனாகூட வீட்டுக்கு வரவில்லை.

எங்கே கண்டுபிடித்திருக்கலாம்? முதல் இடம் விளம்பரத்திலேயே இருக்கிறது. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள். 500 பேனாவுக்கு 150 வெள்ளி என்றால் ஒரு பேனாவை உறையில் போட 30 சென். 10 பேனா உள்ள ஒரு பொட்டலத்துக்குக் கூலி மட்டும் 3 வெள்ளி. சாதாரணப் பேனா கடையில் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். அந்த விலைக்குள்தான் மை, பிளாஸ்டிக், லோரி, கடைக்காரர் லாபம் எல்லாம் அடங்க வேண்டும். உறையில் போடுவதற்கே 3 வெள்ளி கொடுத்தால் முதலாளிக்கு மிஞ்சுவது என்ன? இன்னொரு பக்கம் பாருங்கள். 50 பொட்டலம் போட ஒரு மணி நேரம் போதும். அப்படியானால் மணிக்கு 150 வெள்ளி. இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. இவர்கள் சொல்வது உண்மையானால் 12 மணி நேரம் பேனா போட்டாலே ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டிவிடும். இந்த மாதிரி வேலை இருந்தால் தொழிற்சாலையில் ஆள் நிற்க மாட்டார்கள் லா!

இரண்டாவது இடம், காசு எந்தப் பக்கம் போகிறது என்பது. நான் வேலை செய்வது ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில். புதிதாக ஒருவர் சேரும்போது அடையாள அட்டை நகல் கேட்போம், பேங்க் கணக்கு எண் கேட்போம், இ.பி.எஃப்., சொக்ஸோ எண் கேட்போம். அவரிடமிருந்து காசு வாங்கிப் பதிவதற்கு எங்கள் கணக்கில் இடமே கிடையாது. வேலை என்றால் காசு முதலாளியிடமிருந்து தொழிலாளிக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் எதிர்ப்பக்கம் போனால், பெயர் பதிவுக் கட்டணமாக இருக்கட்டும், முன்வைப்புத் தொகையாக இருக்கட்டும், முகவர் குறியீட்டுக் கட்டணமாக இருக்கட்டும், எல்லாம் ஒன்றுதான்.

இதைச் சோதிக்க ஒரே ஒரு கேள்வி போதும். "அந்த 39 வெள்ளியை என் முதல் கூலியில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதிப் பாருங்கள். உண்மையாகவே வேலை இருந்தால் பெட்டிக்கு 150 கொடுப்பவருக்கு 39 ஒரு பெரிய விஷயமா? 111 கொடுத்துவிட்டுப் போகலாமே. ஏமாற்றுக்காரர் மட்டும் இதை ஏற்க முடியாது, ஏனென்றால் கழிப்பதற்குக் கூலி என்று ஒன்று வரப்போவதே இல்லை. "சிஸ்டம் அப்படி அனுமதிக்காது டியர்" என்றுதான் பதில் வரும். அந்தத் தங்கை மூன்றாவது தடவை இதைக் கேட்டிருக்கிறாள். வந்த பதில் ஏறக்குறைய இதேதான்.

"வெறும் 39 வெள்ளிக்கா ஒருவன் இவ்வளவு பாடுபடுவான்?" என்று வகுப்பில் ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. 200 பேர் கட்டினால் 7,800 வெள்ளி. தொகை சின்னதாக இருப்பதும் வேண்டுமென்றேதான். 39 போனால் "போகட்டும்" என்று விட்டுவிடுவோம், போலீசுக்குப் போக வெட்கப்படுவோம். அதைவிட முக்கியம், 39 கட்டியவர் யார் என்பது இப்போது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. கட்டிய காசை மீட்க இன்னும் கொஞ்சம் கட்டுவார் என்பது அவர்கள் கணக்கு. 39, 120, 250 என்று தொகை ஏறியது அதனால்தான்.

எஸ்.எஸ்.எம். சான்றிதழைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்தவர்களும் இங்கேதான் சறுக்குகிறார்கள். சான்றிதழில் உள்ள நிறுவனம் உண்மையாகவே இருக்கலாம். எஸ்.எஸ்.எம். தளத்தில் தேடினால் பெயரும் வரலாம். 2019 அக்டோபரிலிருந்து வழக்கத்தில் உள்ள புதிய பதிவு எண்ணுக்கு 12 இலக்கம்: முதல் 4 இலக்கம் பதிவான ஆண்டு, அடுத்த 2 இலக்கம் வகை. உள்நாட்டு நிறுவனம் என்றால் 01, சொந்த வியாபாரம் என்றால் 03. செண்டிரியான் பெர்ஹாட் என்று சொல்லிக்கொண்டு எண்ணில் 03 இருந்தால் அங்கேயே பொய். ஆனால் எண் சரியாக இருந்தாலும், நிறுவனம் இருக்கிறது என்பது மட்டும்தான் அதன் அர்த்தம். புலனத்தில் உங்களோடு பேசும் ஆள் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று அது சொல்லாது. வேறொருவரின் சான்றிதழைப் படம் பிடித்து அனுப்ப எத்தனை நொடி ஆகும்? ஆகவே அவர்கள் கொடுத்த எண்ணுக்கு அழைக்காமல், நிறுவனத்தின் அலுவலக எண்ணை நீங்களே தேடி அழையுங்கள். "வீட்டு பேக்கிங் வேலைக்கு ஆள் எடுக்கிறீர்களா?" என்று நேராகக் கேளுங்கள்.

அடுத்து, டூயிட்நவ். காசு அனுப்புவதற்கு முன்னால் திரையில் பெறுபவரின் பெயர் வரும். அந்த ஒரு நொடியை வீணாக்காதீர்கள். நிறுவனம் என்றார்கள், திரையில் வருவது ஒரு தனி ஆளின் பெயர். அவர் கூட்டாளியாகக்கூட இல்லாமல் இருக்கலாம். சில நூறு வெள்ளிக்குத் தன் பேங்க் அட்டையைக் கொடுத்துவிட்ட யாரோ ஒருவராக இருக்கலாம். அதைத்தான் கழுதைக் கணக்கு என்கிறோம். அந்தக் கணக்கு எண்ணைப் போலீசின் semakmule.rmp.gov.my தளத்தில் போட்டுப் பார்க்கலாம், தொலைபேசி எண்ணையும் பார்க்கலாம். புகார் இருக்கிறது என்று வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். புகார் இல்லை என்று வந்தால் அது நற்சான்று ஆகாது. நேற்றுத் திறந்த கணக்காக இருக்கலாம், ஏமாந்தவர் யாரும் இன்னும் புகார் செய்யாமல் இருக்கலாம்.

வேலைக்காக நாம் காசு செலவழிப்பதே தவறு என்றும் நினைக்க வேண்டாம். உணவுக்கடையில் வேலை செய்ய டைபாய்ட் ஊசி போட வேண்டும், உணவு கையாளுவோர் பயிற்சிக்குப் போக வேண்டும். அந்தக் காசு கிளினிக்குக்கும் பயிற்சி மையத்துக்கும் போகிறது, கையில் சான்றிதழ் வருகிறது, அதை வைத்து வேறு கடையிலும் வேலை கேட்கலாம். நேரடி விற்பனையில் பொருள் வாங்கிச் சேர்வது இன்னொரு வகை. அது சம்பள வேலை இல்லை, வியாபாரம். அதற்கு 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி நிறுவனம் உரிமம் வைத்திருக்க வேண்டும். "வேலை தருகிறோம்" என்று கூப்பிட்டு இதில் சேர்த்தால் அதுவும் நேர்மை இல்லை. உண்மையாக வேலை தேடுகிறவர்கள் சொக்ஸோ நடத்தும் மைஃபியூச்சர்ஜோப்ஸ் தளத்தில் பதியலாம். அங்கே வேலை தேடுபவரிடம் கட்டணம் கிடையாது.

ஒரு எச்சரிக்கை. முதலில் காசு கேட்கவில்லை என்பதற்காக நம்பிவிடாதீர்கள். டெலிகிராமில் காணொளிக்கு "லைக்" போடச் சொல்லி, முதல் நாள் 10, 20 வெள்ளி உண்மையாகவே அனுப்பும் கூட்டமும் உண்டு. காசு கேட்பது நான்காவது, ஐந்தாவது வேலையில் வரும். அதைப் பற்றி வேறொரு மாதம் பார்ப்போம்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? அப்பா திட்டுவார் என்று இரண்டு நாள் காத்திருக்காதீர்கள். உடனே 997க்கு அழையுங்கள், அல்லது உங்கள் பேங்கின் அவசர எண்ணுக்கு அழையுங்கள். 997 என்பது போலீஸ், பேங்க் நெகாரா, எம்.சி.எம்.சி. சேர்ந்து நடத்தும் மோசடி மையம். காசு முதல் கணக்கில் இருக்கும்போதே சொன்னால்தான் நிறுத்தி வைக்க வாய்ப்பு. அது மூன்று கணக்கு தாண்டிவிட்டால் கஷ்டம். பிறகு பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் புகார். கோபத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள். விளம்பரம், தொலைபேசி எண், கணக்கு எண், அனுப்பிய ரசீது, எல்லாம் படமாக இருக்க வேண்டும்.

அந்தத் தங்கை எட்டாம் நாள்தான் எங்களிடம் வந்தாள். 409 வெள்ளி கிடைக்கவில்லை. ஆனால் புகார் செய்தோம், ஏனென்றால் அவளுடைய அடையாள அட்டைப் படம் அவர்களிடம் இருக்கிறது. நாளை அந்தப் பெயரில் ஏதாவது நடந்தால், எந்தத் தேதியில் எப்படிப் போனது என்று காட்ட அந்தப் புகார் நகல் வேண்டும். பேங்கிலும் சொல்லி வைத்தோம். இரண்டு வாரம் கழித்து அவளுக்குப் புதிய எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது: ஏமாந்த காசை மீட்டுத் தருகிறோம், வழக்குப் பதிவுக் கட்டணம் 80 வெள்ளி. இந்தத் தடவை அவள் பதில் எழுதியது ஒரே வரி: "மீட்ட காசில் கழித்துக்கொள்ளுங்கள்." அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.