பத்து ரூபாய் யூனிட் மலிவானதா?

அண்மையில் நமது வட்டாரத்தில் நடைபெற்ற மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமொன்றில் ஓர் அம்மையார் எழுந்து ஒரு வினா எழுப்பினார். "ஐயா, ஒரு பரஸ்பர நிதியில் யூனிட் இருநூறு ரூபாய் என்கிறார்கள். புதிதாக வரும் இன்னொன்றில் பத்தே ரூபாய்தானாம். மலிவாக இருக்கும்போதே பத்து ரூபாய் யூனிட்டை வாங்கிவிட்டால் நல்லதல்லவா?" என்பதே அவ்வினா. கூடியிருந்தோர் பலரும் அதுவே சரியென்று தலையசைத்தனர். இக்கருத்து கிராமங்களில் மட்டுமன்றி நகரங்களில் படித்தவர்களிடையேயும் வேரூன்றியிருப்பதால், இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

பரஸ்பர நிதி என்பது பலருடைய பணத்தை ஒன்றாகத் திரட்டிப் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் இடும் ஏற்பாடாகும். அவ்வாறு சேர்ந்த பொதுச் சொத்தில் ஒவ்வொருவருக்கும் உள்ள உரிமையை அளக்கும் அலகே யூனிட். ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு சொத்து உரியது என்பதைக் காட்டும் தொகையே நிகர சொத்து மதிப்பு எனப்படும்.

இதனைக் கணக்கிடும் முறை எளியது. ஒரு நிதியிடம் உள்ள பங்குகளின் அன்றைய சந்தை மதிப்பு 48 கோடி ரூபாய் என்று கொள்வோம். கையிருப்பும் வங்கி இருப்பும் வரவேண்டிய தொகைகளும் சேர்ந்து 2 கோடியே 5 லட்சம். மொத்தம் 50 கோடியே 5 லட்சம். இதிலிருந்து நிதி பிறருக்குக் கொடுக்க வேண்டிய 5 லட்சத்தைக் கழித்தால் எஞ்சுவது 50 கோடி. மக்களிடம் உள்ள யூனிட்டுகள் ஒரு கோடி எனில், 50 கோடியை ஒரு கோடியால் வகுக்க, யூனிட் ஒன்றின் நிகர சொத்து மதிப்பு 50 ரூபாய் ஆகிறது. சந்தை நடக்கும் ஒவ்வொரு நாளின் முடிவிலும் இக்கணக்கு புதிதாகப் போடப்படுகிறது. நிர்வாகச் செலவும் ஆண்டிறுதியில் அன்றி நாள்தோறும் சிறிது சிறிதாகக் கழிக்கப்படுகிறது. ஆண்டுக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் செலவு எனில், மேற்கூறிய நிதியில் நாளொன்றுக்குச் சுமார் 13,700 ரூபாய் கழியும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கத்தரிக்காயின் விலை வரத்தையும் தேவையையும் பொறுத்து ஏறி இறங்குகிறது. வரத்து மிகுந்த நாளில் அது மலிவாகக் கிடைக்கும். யூனிட்டின் மதிப்போ வாங்குவோர் கூட்டத்தால் ஏறுவதுமில்லை, குறைவால் இறங்குவதுமில்லை. புதிதாக ஒருவர் 50 ரூபாய் செலுத்தினால் நிதியின் சொத்தில் 50 ரூபாய் கூடுகிறது. யூனிட்டும் ஒன்று கூடுகிறது. எனவே வகுத்து வரும் ஈவு மாறுவதில்லை. யூனிட்டின் மதிப்பு என்பது உள்ளிருக்கும் சரக்கின் மதிப்பே. சரக்கின் மதிப்பையே விலையாகக் கொடுத்து வாங்கும்போது அதில் மலிவுக்கோ கிராக்கிக்கோ இடமேது?

நம் வீட்டு அளவைகளைக் கொண்டு இதனை விளக்கலாம். ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. ஒரே குதிரிலிருந்து ஒருவர் படியாலும் மற்றொருவர் ஆழாக்காலும் அரிசி அளந்து விற்கிறார்கள். ஆழாக்கின் விலை படியின் விலையில் எட்டில் ஒரு பங்குதான். அதனால் ஆழாக்கு அரிசி மலிவு என்று நம் வீட்டுப் பெண்டிர் எவரும் சொல்லமாட்டார்கள். யூனிட்டும் அத்தகைய ஓர் அளவையே. புதிய நிதி பத்து ரூபாயில் தொடங்குவது, சிறிய அளவையைத் தேர்ந்துகொள்வதன்றி வேறில்லை.

அந்த அம்மையாரிடம் 20,000 ரூபாய் இருப்பதாகவும், இரு நிதிகளும் ஒரே பங்குகளை ஒரே விகிதத்தில் வைத்திருப்பதாகவும், செலவும் சமம் என்றும் கொள்வோம். இருநூறு ரூபாய் நிதியில் அவருக்கு 100 யூனிட்டுகள் கிடைக்கும்; பத்து ரூபாய் நிதியில் 2,000 யூனிட்டுகள். நிதியின் மதிப்பு நூற்றுக்குப் பன்னிரண்டு ஏறினால் முதலாவது யூனிட் 224 ரூபாய், இரண்டாவது 11 ரூபாய் 20 காசு. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் 22,400 ரூபாயே வருகிறது. மாறாக, நூற்றுக்குப் பதினைந்து இறங்கினால் மதிப்புகள் முறையே 170 ரூபாயும் 8 ரூபாய் 50 காசும் ஆகும். இரண்டிலும் எஞ்சுவது 17,000 ரூபாய். யூனிட்டுகள் இருபது மடங்கு கிடைத்ததால் இலாபம் மிகவுமில்லை; மதிப்பு சிறிதாயிருந்ததால் நட்டம் குறையவுமில்லை.

குறைந்த மதிப்பு சில வேளைகளில் நேர்மாறான செய்தியைக் கூறுவதும் உண்டு. 2013ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் ஒரே பரஸ்பர நிதித் திட்டத்தை இரு வழிகளில் வாங்கலாம். தரகர் வழியாக வாங்குவது வழக்கமான திட்டம். நிதி நிறுவனத்திடம் நேரே வாங்குவது நேரடித் திட்டம். பங்குகள் ஒன்றே, நிர்வாகியும் ஒருவரே. தரகுச் செலவு இல்லாததால் நேரடித் திட்டத்தில் கழிவு குறைவு. ஆகவே ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் யூனிட் மதிப்பு உயர்ந்து நிற்கிறது. வழக்கமான திட்டம் 100 ரூபாய், நேரடித் திட்டம் 125 ரூபாய் என்று கொள்வோம். 20,000 ரூபாய்க்கு முதலாவதில் 200 யூனிட்டுகள், இரண்டாவதில் 160. ஓராண்டில் பங்குகள் நூற்றுக்குப் பன்னிரண்டு வளர, செலவு முறையே இரண்டும் ஒன்றுமாகக் கழிந்தால், வழக்கமான யூனிட் 110 ரூபாயாகவும் நேரடி யூனிட் 138 ரூபாய் 75 காசாகவும் ஆகும். முன்னவரிடம் 22,000, பின்னவரிடம் 22,200. குறைந்த மதிப்புள்ள யூனிட்டே இங்கு அதிகச் செலவுடையது! ஆயினும் திட்டத்தைத் தாமே தெரிந்தெடுக்க இயலாதவருக்குத் தரகரின் ஆலோசனை அச்செலவுக்குத் தகுந்ததாயும் இருக்கலாம்.

பணம் வெளியே எடுக்கப்பட்டதாலும் மதிப்பு தாழ்ந்திருக்கலாம். 50 ரூபாய் யூனிட்டுக்கு 5 ரூபாய் வருவாய்ப் பகிர்வு அளித்தால், அதன் மதிப்பு அந்த அளவுக்கு இறங்கி 45 ரூபாயாகிறது. 400 யூனிட் வைத்திருப்பவருக்குக் கையில் 2,000 ரூபாய் வருகிறது. நிதியில் 18,000 எஞ்சுகிறது. முன்பிருந்த 20,000 தான் இரண்டாகப் பிரிந்துள்ளது. பெற்ற தொகைக்கு வருமான வரியும் விதிக்கப்படலாம். இம்முறையில் முதலும் திரும்பி வருகிறது என்பது விளங்கும் பொருட்டே 2021 ஏப்ரல் முதல் இதன் பெயரும் மாற்றப்பட்டது.

ஒரு விலக்கும் உண்டு. பங்குச் சந்தையில் கைமாறும் யூனிட்டுகள் நிகர சொத்து மதிப்பினின்று கூடியோ குறைந்தோ விற்கக்கூடும். அங்கு சந்தை விலையை அம்மதிப்போடு ஒப்பிடுவது பொருளுடையது. நிதி நிறுவனத்திடம் வாங்கும் யூனிட்டுக்கு இது பொருந்தாது.

ஆகவே யூனிட்டின் மதிப்பைக் கேட்டு நிதியைத் தெரிந்தெடுத்தல் ஆகாது. நிதி எவற்றில் பணத்தை இட்டிருக்கிறது, ஆண்டுச் செலவு நூற்றுக்கு எவ்வளவு, சந்தை இறங்கிய ஆண்டுகளில் எவ்வளவு இறங்கியது, நமக்குப் பணம் எப்பொழுது தேவை என்பவையே கேட்கத் தக்கவை. பத்து ரூபாயில் தொடங்கும் புதிய நிதிக்கு இவற்றுள் மூன்றாவது வினாவுக்கு விடையே இராது. "பத்து ரூபாய்தான், மலிவு" என்று ஒருவர் சொல்லி விற்க வந்தால், ஆழாக்கையும் படியையும் அவருக்கு நினைவூட்டுங்கள்.