தேக்குத் தடியில் எத்தனை கன அடி, எத்தனை பலகை?

ஸ்ரீரங்கம் தீவில் காவிரிப் படுகை ஓரமாகவும் வரப்பிலும் தேக்கு வைத்த நம்ம ஆட்கள் பலர் இப்போது விற்கும் கட்டத்துக்கு வந்திருக்கிறார்கள். நெல்லுக்கு மூட்டைக் கணக்கு எல்லாருக்கும் அத்துப்படி. மரத்துக்கு மட்டும் வியாபாரி சொல்லும் கன அடிதான் கணக்கு. அவர் டேப் பிடிப்பார், காகிதத்தில் ஏதோ எழுதுவார், நாம் தலையாட்டுவோம். அப்படி இருக்க வேண்டியதில்லை. நாலாவது வகுப்புக் கணக்குதான் இது.

தடியின் நடுவில் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள். அதை நாலால் வகுங்கள். வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தை அடியில் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி.

ஒரு தடியை எடுத்துக்கொள்வோம். நீளம் 10 அடி. பட்டை நீக்கியபின் தூரில் 46 அங்குலம், நுனியில் 34, நடுவில் 40. நாற்பதில் கால் பங்கு 10. பத்தும் பத்தும் நூறு, அதைப் பத்தடியால் பெருக்கினால் 1,000. 144-ஆல் வகுத்தால் 6.94 கன அடி.

இந்த முறைக்கு ஹோப்பஸ் முறை என்று பேர். எட்வர்ட் ஹோப்பஸ் என்ற ஆங்கிலேயர் 1736-இல் வெளியிட்ட கணக்கு அட்டவணையிலிருந்து வந்தது. வட்டமான தடியை, அதே சுற்றளவுள்ள சதுரக் கட்டை மாதிரி பாவித்துக் கணக்குப் போடுகிறது. உண்மையான வட்டக் கணக்கில் அதே தடி 8.84 கன அடி வரும். அதாவது நூற்றுக்கு 78.5 பங்கைத்தான் காலளவு காட்டும். மீதி 21.5 பங்கு அறுப்பில் போகும் கழிவுக்கு என்று முன்கூட்டியே விட்டுவிட்ட மாதிரி. ஆகவே இந்த முறையில் அளந்துவிட்டு, "கழிவுக்குத் தனியா பத்து பர்சென்ட் குறைச்சுக்கணும்" என்று யாராவது சொன்னால், ஒரே கழிவை இரண்டு தரம் கேட்கிறார் என்று அர்த்தம். கணு, பொந்து, வளைவு இருந்தால் அது வேற பேச்சு.

பேரத்தில் பணம் நழுவும் இடம் டேப்பை எங்கே வைக்கிறார்கள் என்பதில்தான். சுற்றளவு தன்னாலேயே பெருக்கப்படுவதால் சின்ன வித்தியாசமும் பெரிசாகிவிடும். அதே தடியை நுனியில் 34 என்று அளந்தால் 5.02 கன அடிதான். நடுவை விட்டு ஐந்தடி தள்ளி டேப் வைத்ததற்கு 1.92 கன அடி போச்சு, கால் பங்குக்கும் மேலே. ஊர்ப்பக்கம் வந்த ஒரு வியாபாரி "நுனிதான் சார் வழக்கம்" என்றார். வழக்கமாக இருக்கலாம், அப்படியென்றால் விலையும் நுனிக் கணக்குக்கு ஏற்ற மாதிரி ஏறணும்.

பட்டை விஷயத்தில் வியாபாரி பக்கமும் நியாயம் உண்டு. பட்டை அரை அங்குல கனம் இருந்தால் சுற்றளவில் மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே கூடிவிடும். மேலே சொன்ன தடியைப் பட்டையோடு அளந்தால் 43 காட்டும், கணக்கு 8 கன அடிக்குப் போய்விடும். டேப் வைக்கும் இடத்தில் ஒரு வளையம் பட்டையைச் செதுக்கிவிட்டு அளந்தால் வாக்குவாதமே இல்லை. டேப் தடிக்குக் குறுக்கே நேராக இருக்கணும். சாய்ந்தால் அளவு கூடும்.

இனி அறுப்பு. பலகையில் கணக்கு நேரடி: அகலம் அங்குலத்தில், கனம் அங்குலத்தில், நீளம் அடியில், மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுக்கணும். முழு நீளப் பலகை நுனி வட்டத்துக்குள் அடங்கினால்தான் கிடைக்கும். நம்ம தடியின் நுனி விட்டம் 10.8 அங்குலம். ரம்பம் ஒவ்வொரு வெட்டுக்கும் கால் அங்குலத்தில் பாதியைத் தூளாக்கும் என்று வைத்து ஒரு அங்குலப் பலகை அறுத்தால் எட்டு வரும். நடுவில் 10 அங்குல அகலத்தில் இரண்டு, பிறகு 9, 8, 6 என்று இரண்டிரண்டு. மொத்த அகலம் 66 அங்குலம், அதாவது 4.58 கன அடி. தடிக் கணக்கில் 66 பங்கு.

இது வெள்ளையையும் சேர்த்து. ஆசாரி வைரம் மட்டும் கேட்டால், சுற்றிலும் ஒரு அங்குல வெள்ளையைக் கழித்து ஆறு பலகைதான் தேறும்: 8, 7, 5 அங்குலத்தில் இரண்டிரண்டு. 2.78 கன அடி, நாற்பது பங்கு. இளம் தேக்கில் வெள்ளை அதிகம் என்பதால், வயசு குறைந்த மரத்துக்கு இந்த இரண்டாம் கணக்கைத்தான் பார்க்கணும்.

கணக்குக்காகத் தடி கன அடி 2,000 ரூபாய் என்று வைப்போம். 6.94 கன அடிக்கு 13,880 ரூபாய். வெள்ளையோடு பலகையாக்கினால் கன அடி 3,030-க்கு விற்றால்தான் தடியின் விலையே கைக்கு வரும். வைரம் மட்டும் என்றால் 4,990 வேண்டும். அறுப்புக் கூலி, வண்டிச் சத்தம் அதற்கு மேலே. மில்லுக்குத் தடியை ஏற்றுமுன் உள்ளூர் மரவாடியில் பலகை விலையைக் கேட்டு, இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.