பாலிட்ரோபிக் நிகழ்வு

அரியலூர் மாவட்டம் தா.பழூரில், நடவுக் காலத்தில் டிராக்டர்கள் வந்து நிற்கும் பஞ்சர் கடை ஒன்றைக் கருதுக. அங்குள்ள காற்றழுத்தியின் (கம்ப்ரசர்) உருளையைச் சுற்றி மெல்லிய உலோகத் தகடுகள் வரிசையாக அமைந்திருக்கும். காற்றழுத்தி சிறிது நேரம் இயங்கியபின் அத்தகடுகளின் மீது கை வைக்க இயலாது. அவை சுடுகின்றன எனில், உருளையிலுள்ள காற்றிலிருந்து வெப்பம் வெளியேறுகிறது. எனவே இது வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு அன்று. அழுத்தப்பட்டு வெளிவரும் காற்றும் சூடாகவே இருக்கிறது. எனவே இது வெப்பநிலை மாறா நிகழ்வும் அன்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட இந்நிகழ்வை விளக்கப் பொதுவான ஒரு சமன்பாடு தேவைப்படுகிறது.

வரையறை

நல்லியல்பு வாயு ஒன்றின் மீமெது நிகழ்வில் அழுத்தமும் பருமனும்

P Vⁿ = மாறிலி

என்னும் தொடர்பிற்கு உட்படுமாயின், அது பாலிட்ரோபிக் நிகழ்வு எனப்படும். இங்கு n என்பது அந்நிகழ்வு முழுவதும் மாறாத ஓர் எண். அது வாயுவின் பண்பு மட்டும் அன்று. வாயு எவ்வளவு விரைவாக அழுத்தப்படுகிறது, உருளையின் சுவர் எவ்வளவு வெப்பத்தைக் கடத்துகிறது என்பவற்றையும் பொறுத்தது. ஒரே காற்றை ஒரே உருளையில் மெதுவாக அழுத்தினால் n குறையும். விரைவாக அழுத்தினால் கூடும்.

செய்யப்பட்ட வேலை

வாயுவின் பருமன் V₁ இலிருந்து V₂ ஆக மாறும்போது வாயுவினால் செய்யப்பட்ட வேலை

W = ∫ P dV = K ∫ V⁻ⁿ dV

இதில் K = P₁V₁ⁿ = P₂V₂ⁿ. தொகையீடு செய்து K-இன் மதிப்பைப் பிரதியிட,

W = (P₁V₁ − P₂V₂) / (n − 1) = μR(T₁ − T₂) / (n − 1)

n = 1 என்னும் ஒரு மதிப்பிற்கு மட்டும் இச்சமன்பாடு நேரடியாகப் பொருந்தாது.

பரிமாற்றப்பட்ட வெப்பம்

அக ஆற்றலில் ஏற்படும் மாற்றம் வெப்பநிலையை மட்டுமே சார்ந்தது.

ΔU = μR(T₂ − T₁) / (γ − 1)

இதனை வேலைக்கான சமன்பாட்டுடன் ஒப்பிட, ΔU = −W(n − 1)/(γ − 1) எனக் கிடைக்கும். வெப்ப இயக்கவியலின் முதல் விதிப்படி Q = ΔU + W. ஆகவே,

Q = W (γ − n) / (γ − 1)

ஒரு பாலிட்ரோபிக் நிகழ்வில் வெப்பத்திற்கும் வேலைக்கும் உள்ள தகவு மாறாதது என்பதை இச்சமன்பாடு காட்டுகிறது. செய்யப்படும் வேலையில் எப்பங்கு வெப்பமாகக் கைமாறுகிறது என்பதை n என்னும் ஒரே எண் தீர்மானிக்கிறது.

சிறப்பு நேர்வுகள்

n = γ எனில் Q = 0. இது வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு. வேலைக்கான சமன்பாட்டில் n-க்குப் பதிலாக γ அமையும்.

n = 1 எனில் PV = மாறிலி; Q = W. இது வெப்பநிலை மாறா நிகழ்வு. இங்கு வேலைச் சமன்பாடு 0/0 என்னும் வடிவம் பெறுவதால் வேலை சுழி எனக் கொள்ளலாகாது. V⁻¹-ஐத் தனியாகத் தொகையீடு செய்ய,

W = P₁V₁ ln(V₂/V₁)

எனக் கிடைக்கும். n-இன் மதிப்பு 1-ஐ நெருங்க நெருங்க, பொதுச் சமன்பாடு தரும் விடையும் இம்மதிப்பையே நெருங்கும்.

இவையன்றி, n = 0 எனில் அழுத்தம் மாறா நிகழ்வும், n முடிவிலியை நெருங்கும்போது பருமன் மாறா நிகழ்வும் கிடைக்கின்றன.

எடுத்துக்காட்டு

காற்றழுத்தியின் உருளையில் 300 K வெப்பநிலையும் 100 kPa அழுத்தமும் கொண்ட 500 cm³ காற்று, 100 cm³ ஆக அழுத்தப்படுகிறது. இறுதி அழுத்தம் 810 kPa எனில் n, W, Q, இறுதி வெப்பநிலை ஆகியவற்றைக் காண்க. (காற்றிற்கு γ = 1.4)

தீர்வு

P₁V₁ⁿ = P₂V₂ⁿ என்பதன் இருபுறமும் மடக்கை எடுக்க,

n = log(P₂/P₁) / log(V₁/V₂) = log 8.1 / log 5 = 0.9085 / 0.6990 ≈ 1.3

P₁V₁ = 50 J; P₂V₂ = 81 J. எனவே,

W = (50 − 81) / 0.3 = −103.3 J

Q = W × (1.4 − 1.3) / (1.4 − 1) = W/4 = −25.8 J

ΔU = Q − W = 77.5 J

T₂ = 300 × 81/50 = 486 K

W-இன் எதிர்க்குறி, காற்றின் மீது வேலை செய்யப்பட்டதைக் குறிக்கிறது. அவ்வேலையில் நான்கில் ஒரு பங்கு வெப்பமாக வெளியேறித் தகடுகளைச் சூடாக்குகிறது. எஞ்சிய மூன்று பங்கு காற்றின் அக ஆற்றலை உயர்த்துகிறது.

இதே காற்றை இதே பருமனுக்கு மூன்று வழிகளில் அழுத்தினால் கிடைக்கும் முடிவுகள்:

| நிகழ்வு | P₂ (kPa) | T₂ (K) | W (J) | Q (J) |
|---|---|---|---|---|
| n = 1 | 500 | 300 | −80.5 | −80.5 |
| n = 1.3 | 810 | 486 | −103.3 | −25.8 |
| n = 1.4 | 952 | 571 | −113 | 0 |

வெப்பம் வெளியேறியும் வெப்பநிலை உயர்வது ஏன்?

எடுத்துக்காட்டில் காற்று வெப்பத்தை இழக்கிறது. ஆயினும் அதன் வெப்பநிலை 186 K உயர்கிறது. வெப்பநிலை உயர்ந்தால் வெப்பம் உள்ளே வந்திருக்க வேண்டும் என்று கருதுவது இப்பகுதியில் பெரிதும் நேரும் பிழை. வெப்பநிலையைத் தீர்மானிப்பது Q மட்டும் அன்று. Q, W இரண்டும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. வேலையாக உள்ளே வரும் ஆற்றல், வெப்பமாக வெளியேறுவதைவிட மிகுதியாக இருப்பதால் வெப்பநிலை உயர்கிறது. 1 < n < γ என அமையும் நிகழ்வுகள் அனைத்திலும் Q, ΔT இரண்டும் எதிரெதிர்க் குறிகளைப் பெறுகின்றன. அதாவது, அந்நிகழ்வில் வாயுவின் மோலார் வெப்ப ஏற்புத்திறன் எதிர்க்குறி உடையது.

வரம்புகள்

உண்மையான காற்றழுத்தியில் n முற்றிலும் மாறாதிருப்பதில்லை. அழுத்தம் தொடங்கும்போது, முன்னரே சூடாகியுள்ள சுவரைவிட உள்ளே வந்த காற்று குளிர்ந்திருப்பதால், வெப்பம் சுவரிலிருந்து காற்றிற்குச் செல்லும். பின்னரே திசை மாறி வெளியேறும். இதனைச் சோதிக்க log V-ஐ x அச்சிலும் log P-ஐ y அச்சிலும் கொண்டு வரைபடம் வரைக. n மாறிலி எனில் வரைபடம் −n சாய்வுடைய நேர்க்கோடாகும். கோடு வளைந்தால், கணக்கிடப்பட்ட n ஒரு சராசரி மதிப்பே.

பிஸ்டன் வளையம் தேய்ந்து காற்று கசியும் நேர்விலும் இறுதி அழுத்தம் குறையும். அப்போது கிடைக்கும் சிறிய n-ஐக் கண்டு, உருளை நன்கு குளிர்கிறது என முடிவு செய்தல் தவறு. இதனைக் கண்டறிய T₂-ஐத் தனியே அளந்து PV/T-ஐக் கணக்கிட வேண்டும். கசிவு இல்லையெனில் தொடக்கத்திலும் இறுதியிலும் அதன் மதிப்பு சமமாக இருக்கும். இறுதி மதிப்பு குறைந்தால், வெளியேறியது வெப்பம் மட்டும் அன்று, காற்றும்தான்.

பயிற்சி

1. மேற்கண்ட எடுத்துக்காட்டில் n = 1.2 எனில் W-இல் எப்பங்கு வெப்பமாக வெளியேறும்?
2. n = 1.01 எனக் கொண்டு W-ஐக் கணக்கிட்டு, அதனை n = 1-க்குரிய மதிப்புடன் ஒப்பிடுக.
3. n > γ என அமையும் அழுத்தலில் வெப்பம் எத்திசையில் செல்லும்? காரணம் கூறுக.