சராசரிக்குள் மறையும் பெங்களூரு

பெங்களூரின் சுகாதாரம் பற்றிய பேச்சு எப்போதும் மொத்தக் கணக்கில்தான் நடக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநகராட்சி எல்லைக்குள் சுமார் 84 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் 7 லட்சத்துக்குச் சற்றுக் கூடுதலானோர் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தார்கள். நூற்றுக்கு எட்டுப் பேர். இந்த எட்டுப் பேரைப் பற்றி நாம் நம்பிக்கொண்டிருக்கும் நான்கு விஷயங்களைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை 1: நகரத்தில் நூற்றுக்கு 96 வீடுகளில் கழிப்பறை இருந்தால் பிரச்சினை ஏறக்குறைய தீர்ந்துவிட்டது.

உண்மை: ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு வீடுகளில் 92 வீடுகள் குடிசைப் பகுதிக்கு வெளியே இருக்கின்றன. அவை எல்லாவற்றிலும் கழிப்பறை உண்டு என்று வைத்துக்கொள்வோம். மீதி எட்டுக் குடிசை வீடுகளில் பாதியில்தான், அதாவது நான்கில்தான் கழிப்பறை இருக்கிறது என்றும் கொள்வோம். மொத்தம் 96. அறிக்கையில் பார்க்க நல்ல எண். ஆனால் குடிசைப் பகுதிக்குள் இரண்டு வீட்டுக்கு ஒரு வீடு கழிப்பறை இல்லாமல் இருக்கிறது.

இனி அந்த நான்கில் இரண்டு கழிப்பறைகள் அடைத்துக்கொண்டு வீணாகின்றன என்று கொள்வோம். குடிசைப் பகுதியில் வசதி பாதியாகக் குறைந்துவிட்டது. நகரச் சராசரியோ 96-லிருந்து 94-க்கு மட்டும் இறங்குகிறது. யாரும் பதற மாட்டார்கள். நூற்றில் எட்டாக இருக்கும் மக்களுக்கு எது நேர்ந்தாலும் சராசரி பெரிதாக அசையாது.

இதற்கு வழி, குடிசைப் பகுதியையும் மற்றப் பகுதியையும் தனித்தனியே அளப்பதுதான். 2005-06இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு சென்னை, ஹைதராபாத், மும்பை உட்பட எட்டு நகரங்களில் அப்படி அளந்தது. அந்த எட்டில் பெங்களூரு இல்லை.

நம்பிக்கை 2: சொந்தக் கழிப்பறை இல்லாவிட்டால் என்ன, பொதுக் கழிப்பறை இருக்கிறதே.

உண்மை: தூய்மை இந்தியா திட்டத்தில், வீட்டில் கழிப்பறை கட்ட இடமில்லாத குடும்பத்துக்கு 500 மீட்டருக்குள் இயங்கும் சமுதாயக் கழிப்பறை இருந்தால் போதும், திறந்தவெளி மலம் கழிப்பு அற்ற நகரம் என்ற கணக்கில் அந்தக் குடும்பம் சேர்ந்துவிடும். ஆனால் உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் சேர்ந்து நடத்தும் கண்காணிப்பில், இரண்டு குடும்பங்கள் பகிர்ந்துகொண்டாலே அது அடிப்படை வசதியாகக் கொள்ளப்படாது, ‘வரம்புக்குட்பட்ட’ வசதி என்று ஒரு படி கீழே வைக்கப்படும். ஒரே கழிப்பறை ஒரு கணக்கில் தேறுகிறது, இன்னொன்றில் தேறவில்லை.

ஏன் ஒரு படி கீழே? வரிசையைப் பார்த்தால் புரியும். திட்டத்தின் விதிமுறை பெண்கள் 25 பேருக்கு ஓர் இருக்கை, ஆண்கள் 35 பேருக்கு ஓர் இருக்கை என்கிறது. ஒருவருக்குத் தண்ணீர் ஊற்றி முடித்து வர ஏழு நிமிடம் ஆகும் என்றால் 25 பெண்களுக்கு 175 நிமிடம், ஏறக்குறைய மூன்று மணி நேரம். வீட்டு வேலைக்கும் கார்மென்ட்ஸ் ஆலைக்கும் போகிற பெண்களிடம் காலையில் அந்த நேரம் இருப்பதில்லை. விதிப்படி எல்லாம் இருந்தால்தான் இந்தக் கணக்கே. ஓர் இருக்கை பழுதானாலோ தொட்டியில் தண்ணீர் தீர்ந்தாலோ வரிசை இரட்டிப்பாகும்.

வரிசையில் நிற்க முடியாத குழந்தையைச் சாக்கடை ஓரத்தில் உட்காரவைக்கிறார்கள். அந்தக் கிருமி அதே சந்தில் விளையாடும் மற்றக் குழந்தைகளின் கைக்கு வருகிறது. இரவில் 500 மீட்டர் நடக்கத் துணியாத பெண்கள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீரை நெடுநேரம் அடக்குவதும் போதிய தண்ணீர் குடிக்காததும் சிறுநீர்த் தொற்றுக்கு வழிவிடுகின்றன. கழிப்பறை எண்ணிக்கையில் இந்த நோய் தெரியாது.

பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கழிப்பறையைப் பகிரும் வீடுகளில் வயிற்றுப்போக்கு அதிகம் என்று கண்டது. பகிரும் குடும்பங்கள் பெரும்பாலும் ஏழைக் குடும்பங்கள் என்பதால் பழி முழுவதையும் கழிப்பறை மேல் போட முடியாது. ஒண்டுக்குடித்தனத்தில் ஒருவரையொருவர் அறிந்த இரண்டு மூன்று குடும்பங்கள் சாவி வைத்து, முறைபோட்டுக் கழுவும் கழிப்பறை வேறு; யாருக்கும் பொறுப்பில்லாத பொதுக் கழிப்பறை வேறு. எத்தனை பேருக்கு ஒன்று, கழுவுவது யார், தண்ணீர் எத்தனை மணி நேரம் வருகிறது என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள்.

நம்பிக்கை 3: நெருக்கத்தில் வாழ்ந்து பழகியவர்களுக்கு நோய் எதிர்ப்பு சக்தி அதிகம்.

உண்மை: இந்த எண்ணம் கொரோனா காலத்தில் வலுப்பெற்றது. 2020 ஜூலையில் மும்பையின் மூன்று வார்டுகளில் இரத்த மாதிரிகளைச் சோதித்தபோது, குடிசைப் பகுதிகளில் நூற்றுக்கு 57 பேரிடம் எதிர்ப்பணுக்கள் இருந்தன. மற்றக் குடியிருப்புகளில் 16 பேரிடம்தான் இருந்தன. இதைப் பலர் உடல் வலிமைக்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். அந்த எதிர்ப்பணு தொற்று வந்து போனதன் தடயம். ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுத்து, ஒரே கழிப்பறைக்கு நடப்பவர்களுக்குத் தொற்று மூன்று மடங்குக்கும் மேலாகப் பரவியிருந்தது என்பதுதான் அதன் பொருள்.

காசநோயும் இதே வழியில்தான் பரவுகிறது. ஜன்னல் இல்லாத பத்துக்குப் பத்து அறையில் ஒருவர் இருமினால், அந்தக் காற்றை இரவு முழுக்க வீடே சுவாசிக்கிறது. அங்கே நோயாளிக்கு மாத்திரை கொடுத்தால் மட்டும் போதாது. உடன் படுப்பவர்கள் எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும்.

நம்பிக்கை 4: குடிசைப் பகுதிகள் எல்லாம் ஒன்றுதான், அவை அரசுப் பட்டியலில் இருக்கின்றன.

உண்மை: கர்நாடகத்தில் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஓர் இடம் குடிசைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட பிறகுதான் குடிசைப் பகுதி மேம்பாட்டு வாரியத்தின் குழாயும் வீடும் அங்கே வருவதற்கு உறுதியான வழி பிறக்கிறது. அறிவிக்கப்பட்ட பழைய பகுதிகள் பலவற்றில் இன்று சுவர் எழுப்பிய வீடு, மின்சாரம், ரேஷன் அட்டை எல்லாம் இருக்கின்றன. அவற்றுக்கும் கீழே ஒரு தட்டு உண்டு. அனிருத் கிருஷ்ணா, எம்.எஸ். ஸ்ரீராம், பூர்ணிமா பிரகாஷ் ஆகியோர் செயற்கைக்கோள் படங்களில் நீல நிறத் தார்ப்பாய்களைத் தேடி, பெங்களூரின் கூடாரக் குடியிருப்புகளுக்கு நேரில் போய், 2014இல் ஆய்வை வெளியிட்டார்கள். ராய்ச்சூர், கலபுரகி போன்ற வறண்ட வட கர்நாடக மாவட்டங்களிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள் அங்கே இருந்தார்கள். குழாய், மின்சாரம், கழிப்பறை எதுவும் இல்லை. அரசுப் பட்டியலில் அந்தக் குடியிருப்புகளும் இல்லை.

இங்கேதான் சராசரி இரண்டாம் முறை மறைக்கிறது. குடிசைப் பகுதியைத் தனியே அளந்தாலும், பட்டியலில் உள்ளவற்றை மட்டும் அளந்தால் கூடாரவாசிகள் அந்தச் சராசரியைக் கீழே இழுக்கக்கூட வர மாட்டார்கள். 2019-21 குடும்ப நல ஆய்வும் தன் மாதிரியை 2011 கணக்கெடுப்பிலிருந்துதான் எடுத்தது. அதற்குப் பிறகு வெற்றுமனையில் முளைத்த கூடார வரிசைக்கு அந்த மாதிரியில் இடம் கிடைத்திருக்க வாய்ப்பு குறைவு.

பெங்களூரின் சுகாதார எண் ஒன்றை இனி யார் சொன்னாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். குடிசைப் பகுதிக்குத் தனி எண் என்ன? அறிவிக்கப்படாத பகுதிகள் அதில் சேர்ந்தனவா? ஓர் இருக்கைக்கு எத்தனை பேர்? அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஐக் குறிப்புத் தேதியாகக் கொண்டது. நம் தெருமுனையில் தார்ப்பாய்க் கூடாரம் இருந்தால், அங்கே வசிப்பவர்களின் பெயர் ஏறியதா என்று கணக்கெடுக்க வருபவரிடம் கேட்டு உறுதிசெய்வது நம் எல்லோருடைய கடமை.