ஊர்க் கணக்கு அட்டவணையில் சிறு எண்கள்: ஒரு விதி வேண்டும்

ஊராட்சிகளில் மக்களிடம் கேட்டுப் பலவகைக் கணக்குகள் எடுக்கப்படுகின்றன. நோய், கடன், நிலவுடைமை, மதுப்பழக்கம் ஆகியவை பற்றிய கேள்விகளும் அவற்றுள் அடங்கும். பதில் கூறுவோரிடம், பெயரை வெளியிட மாட்டோம் என்று உறுதி கூறுகிறோம். பிறகு பெயர்களை நீக்கி, எண்களை மட்டும் அட்டவணையாக்கி அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம். பெயர் இல்லையாதலால் எவருக்கும் தீங்கில்லை என்று எண்ணுகிறோம். அவ்வெண்ணம் எப்போதும் சரியன்று. அது எங்கே தவறுகிறது என்பதையும், அதைத் தடுக்கும் விதி யாது என்பதையும் ஓர் எடுத்துக்காட்டால் இங்கே விளக்குவோம். எண்கள் விளக்கத்திற்காக நாம் அமைத்துக்கொண்டவை.

ஓர் ஊரில் 274 பேர் ஒப்புதல் தந்து நோய்க் கணக்கெடுப்பில் பங்கு கொண்டனர். காசநோய்க்கு மருந்து உண்பவர் எத்தனை பேர் என்பது தெருவாரியாக எழுதப்பட்டது.

| தெரு | மருந்து உண்போர் | ஏனையோர் | மொத்தம் |
|---|---|---|---|
| மேலத்தெரு | 7 | 89 | 96 |
| கீழத்தெரு | 6 | 78 | 84 |
| தோப்புத்தெரு | 8 | 63 | 71 |
| ஆற்றங்கரை | 1 | 22 | 23 |
| ஊர் மொத்தம் | 22 | 252 | 274 |

ஆற்றங்கரைக்கு நேரே உள்ள ‘1’ என்னும் எண்ணைக் காண்க. அக்குடியிருப்பில் வாரந்தோறும் மருத்துவமனைக்குச் செல்பவர் யார் என்பதை அண்டை வீட்டார் அறிவர். இதுவரை அவர்களிடம் இருந்தது ஐயம் மட்டுமே. அட்டவணை அதனை உறுதியாக்கிவிடுகிறது. அந்த ஒருவர் மணமாகாத பெண்ணாயின், அவ்வீட்டாருக்கு நேரும் இடர் பெரிது. காசநோய் மருந்தைப் பொதுவாக ஆறு மாதமேனும் விடாமல் உண்ண வேண்டும். ஊர் அறிந்துவிட்டதே என்ற நாணத்தால் இடையில் நிறுத்துவோரும் உண்டு. மேலும், அடுத்த கணக்கெடுப்பில் உண்மை கூற எவரும் முன்வரார்.

ஆகவே முதல் விதி இது: 1 முதல் 4 வரையுள்ள எந்த எண்ணையும் வெளியிடலாகாது. ஏன் 4 வரை என்று கேட்கலாம். கட்டத்தில் ‘2’ இருந்தால், அவ்விருவருள் ஒருவர் தம்மை நீக்கி மற்றவரை அறிந்துகொள்வார். ‘3’ இருந்து, அவர்களுள் இருவர் ஒரே வீட்டினராயின், மூன்றாமவர் வெளிப்படுவார். ஆதலின் ஐந்தை எல்லையாகக் கொள்வது பலவிடத்தும் வழக்கம். அமெரிக்க நாட்டின் மெடிக்கேர் மருத்துவக் காப்பீட்டு நிருவாகம் இன்னும் கண்டிப்பானது. அங்கே 1 முதல் 10 வரையுள்ள எண்களை வெளியிடலாகாது. நம் ஊர்களிலும், மிகுந்த பழிச்சொல்லுக்கு இடமாகும் செய்தியாயின், 11ஐ எல்லையாகக் கொள்வது நலம்.

இனி, அந்த ‘1’ஐ அழித்து அவ்விடத்தில் ஓர் உடுக்குறி இட்டோம் என்க. வேலை முடிந்ததா? இல்லை. ஊர் மொத்தம் 22. அதிலிருந்து 7, 6, 8 ஆகியவற்றைக் கழித்தால் 1 வந்துவிடுகிறது. குறுக்கு வரிசையிலும் அப்படியே. 23இல் 22 போக எஞ்சுவது 1. மறைத்த எண்ணைப் பள்ளிச் சிறுவனும் கண்டுபிடிப்பான். நூற்றுவீதம் எழுதினாலும் இதே கதிதான்: 23 பேரில் நூற்றுக்கு 4.3 என்றால் அது ஒருவரே.

ஆகவே இரண்டாம் விதி: சிறு எண்ணை மறைத்தால், அதனைக் கழித்தறிய உதவும் எண்களையும் சேர்த்தே மறைத்தல் வேண்டும். நம் அட்டவணையில் ஆற்றங்கரையின் 1, 22 ஆகியவற்றோடு கீழத்தெருவின் 6, 78 ஆகியவற்றையும் மறைத்தால், நான்கு கட்டங்கள் மறைகின்றன. அப்போது கழித்துப் பார்ப்பவருக்கு, இரு தெருவிலும் சேர்ந்து 7 பேர் என்பது மட்டுமே தெரியும். எத்தெருவில் எத்தனை பேர் என்பது தெரியாது.

இதனினும் எளிய வழி ஒன்றுண்டு. இரு தெருக்களையும் ஒரே வரிசையாக இணைத்துவிடுவதே அது. ‘கீழத்தெருவும் ஆற்றங்கரையும்: மருந்து உண்போர் 7, ஏனையோர் 100, மொத்தம் 107’ என்று எழுதலாம். உடுக்குறி எதுவும் வேண்டியதில்லை. கூட்டலும் சரியாக வரும். ஊராட்சிகளுக்கு இம்முறையையே முதலில் பரிந்துரைக்கிறோம்.

ஆனால் இணைத்த தெருக்களை எல்லா அட்டவணைகளிலும் இணைத்தே வைத்தல் வேண்டும். மருந்து உண்போரை ஆண், பெண் எனப் பிரித்துக் காட்டும் மற்றோர் அட்டவணையில் கீழத்தெருவுக்கு மட்டும் தனி வரிசை கொடுத்து, அங்கே 6 என்று எழுதிவிட்டால், 7இல் 6 போக ஒன்று மீண்டும் வெளிப்படும். ஊராட்சி ஒன்றியத்தின் அறிக்கையாலும் இது நேரலாம். ஒன்றியம் ஐந்து ஊர்களின் மொத்தத்தை வெளியிட, நான்கு ஊர்கள் தத்தம் எண்ணை வெளியிட்டால், மறைத்துவைத்த ஐந்தாம் ஊரின் எண் கழித்தலில் கிட்டிவிடும். எனவே ஒட்டுவதற்கு முன், அதே கணக்கிலிருந்து முன்னர் வெளியான தாள்கள் அனைத்தையும் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்த்தல் வேண்டும்.

எண் பெரிதாயினும் தீங்கு நேரும் இடம் ஒன்றுண்டு. ஒரு குடியிருப்பில் 9 குடும்பங்கள். ஒன்பதும் வட்டிக்கடைக் கடனில் உள்ளன என்று அட்டவணை கூறுவதாகக் கொள்வோம். 9 என்பது ஐந்தினும் பெரிதே. ஆயினும் அக்குடியிருப்பைச் சேர்ந்த எவரைக் கண்டாலும், ‘இவர் கடன்காரர்’ என்று ஐயமின்றிக் கூறிவிடலாம். கடன் இல்லாதோர் கட்டத்தில் உள்ள சுழியமே இதைக் காட்டிக்கொடுக்கிறது. இத்தகைய வரிசையையும் அடுத்த வரிசையோடு இணைத்தல் வேண்டும்.

இவ்விதிக்கு ஒரு குறையும் உண்டு. ஆற்றங்கரைக்கென்று தனி எண் இல்லாதபோது, அக்குடியிருப்பின் தேவை கண்ணில் படாமல் போகலாம். அதற்காக முழு அட்டவணையைப் பலகையில் ஒட்டுதல் தீர்வாகாது. மருந்து வழங்கும் பொறுப்புள்ள மருத்துவ அலுவலரிடம் அதனை மூடிய உறையில் கொடுத்தால் போதும். பொதுமக்கள் பார்வைக்கு வருவது ஒன்று. பணிக்கு வேண்டியது மற்றொன்று. சட்டப்படி பெயருடனே அறிவிக்க வேண்டிய பட்டியல்களுக்கு இவ்விதி பொருந்தாது. நம்பி உரைத்ததைக் காத்தல் நம் நாட்டுக்குப் புதிதும் அன்று. 1948ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்புச் சட்டம், கணக்கெடுப்பு ஏடுகளைப் பார்வையிடும் உரிமையை எவருக்கும் அளிக்கவில்லை.

விதியைக் கணக்கெடுப்பு தொடங்கும் முன்னரே மன்றத்தில் நிறைவேற்றுதல் நலம். எண்கள் வந்தபின் விதி செய்தால், எவரையோ காக்கவே மறைத்தனர் என்ற பேச்சு எழும். மறைத்த தெருவின்மீதே எல்லார் கண்ணும் விழும். தீர்மானத்தின் வாசகம் பின்வருமாறு அமையலாம்:

‘இக்கணக்கெடுப்பிலிருந்து வெளியிடப்படும் எந்த அட்டவணையிலும் 1 முதல் 4 வரையுள்ள எண் இடம்பெறாது. அத்தகைய எண் வருமிடத்து அவ்வரிசை அடுத்த வரிசையோடு இணைக்கப்படும். இணைக்க இயலாவிடில், கழித்தறிய உதவும் எண்களோடு சேர்த்து மறைக்கப்படும். ஒரு வரிசையினர் அனைவரும் ஒரே கட்டத்தில் அமையுமிடத்தும் இதுவே முறை. வெளியிடும் முன், அட்டவணையை ஆக்காத மற்றொருவர், மறைத்த எண்ணைக் கழித்துக் காண முயன்று, இயலவில்லை என்று கையொப்பமிடுவார்.’