திங்கள் மீட்டிங்குக்கு வாராந்திர டாஷ்போர்டு

அனலிட்டிக்ஸ் இன்டர்னாகச் சேர்ந்தவர்கள் கையில் முதலில் வந்து சேரும் வேலைகளில் ஒன்று, ஆர்டர் ஷீட்டிலிருந்து வாராந்திர டாஷ்போர்டு தயாரிப்பது. இப்படிச் செய்து பாருங்கள்.

1. மூல டேட்டாவில் கை வைக்காமல், டாஷ்போர்டைத் தனி ஷீட்டில் போடுங்கள். அடுத்த வாரம் புது வரிகளைக் கீழே ஒட்டினால் போதும்.

2. தேதிப் பத்தியை `=ISNUMBER(A2)` கொண்டு சோதியுங்கள். FALSE வந்தால் அது வெறும் எழுத்து. அந்த ஆர்டர் எந்த வாரத்திலும் சேராமலோ தவறான வாரத்தில் சேர்ந்தோ போகலாம்.

3. ஒவ்வொரு ஆர்டருக்கும் அந்த வாரத்தின் திங்கட்கிழமையைத் தனிப் பத்தியில் எழுதுங்கள்.

```
=INT(A2)-WEEKDAY(A2,2)+1
```

INT நேரத்தை வெட்டிவிடும். அது இல்லாவிட்டால், வாரக் கூட்டலுக்குப் போடும் SUMIFS வாரத்தைப் பொருத்தாது, கூட்டல் குறையும்.

4. சதவீதங்களைச் சராசரி எடுக்கவே எடுக்காதீர்கள். அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். ஒரு நாள் 100 பேர் வந்து 10 ஆர்டர், அது 10%. இன்னொரு நாள் 900 பேர் வந்து 18 ஆர்டர், அது 2%. சராசரி 6% என்று காட்டும். உண்மையில் 1000 பேருக்கு 28 ஆர்டர், அதாவது 2.8% மட்டுமே. முதலில் கூட்டுங்கள், பிறகு வகுங்கள்.

5. இன்னும் முடியாத வாரத்தை டாஷ்போர்டில் விட்டுவிடுங்கள். மூன்று நாள் விற்பனையை ஏழு நாளோடு ஒப்பிட்டால் வீழ்ச்சி போலத் தெரியும்.

6. அனுப்புவதற்கு முன், விட்ட வாரத்தையும் சேர்த்து எல்லா வாரங்களின் கூட்டுத்தொகையை மூல ஷீட்டின் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு ரூபாய் வித்தியாசம் இருந்தாலும் காரணம் தெரியாமல் அனுப்பாதீர்கள்.